லொகேஷன் வந்துவிட்டது, வாசல் எங்கே? மதுரைச் சந்துகளுக்குச் சாமான் அனுப்பிய அனுபவம்

கீழ மாசி வீதியை ஒட்டி எங்கள் மளிகைக் கடை. மாதச் சாமான் லிஸ்ட்டைப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் வாங்கி, கட்டி, பைக்கிலும் ஒரு லோடு ஆட்டோவிலும் வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆர்டர் எடுப்பதும், எந்த மூட்டை எந்த ரூட்டில் போக வேண்டும் என்று பிரிப்பதும் என் வேலை. பருப்பு குறைந்தது, எண்ணெய் மாறியது என்று வரும் சண்டைகளைச் சமாளித்துவிடலாம். வீடு கிடைக்காமல் திரும்பி வரும் மூட்டைதான் பெரிய செலவு. 25 கிலோ அரிசிச் சிப்பத்தை இரண்டு முறை ஏற்றி இறக்க வேண்டும், பெட்ரோல் வீண், அடுத்த நாலு வீட்டுக்கும் தாமதம். வாடிக்கையாளருக்கோ நாங்கள் வரவே இல்லை என்ற கோபம்.

எங்களுக்கு வரும் முகவரி எப்படி இருக்கும் என்று ஒன்றைக் காட்டுகிறேன். எண்களை மாற்றியிருக்கிறேன்.

"14/31, 2வது தெரு, ஜெய்ஹிந்துபுரம், மாரியம்மன் கோவில் பக்கம், மதுரை."

இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் வீட்டைக் கண்டுபிடிக்க எதுவும் போதவில்லை. 14 பழைய எண்ணா, 31 பழைய எண்ணா? சிலர் பழையதை முன்னால் எழுதுகிறார்கள், சிலர் புதியதை. சில வீடுகளில் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது போர்ஷன் எண். இரண்டாவது தெரு என்றால் எந்த நகரின் இரண்டாவது தெரு? பெரிய ஏரியாவுக்குள் சின்னச் சின்ன நகர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் தன் தெருக்களை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். இரண்டாவது குறுக்குத் தெருவையும் "ரெண்டாவது தெரு" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். மாரியம்மன் கோவிலைப் பற்றி மதுரைக்காரர்களிடம் சொல்ல வேண்டியதே இல்லை.

பின்கோடு இந்த அளவுக்கு உதவாது. 1972இல் வந்தபோதே அது ஒரு தபால் அலுவலகத்தின் எல்லையைக் குறிக்கத்தான் வந்தது. 625001 என்றால் பழைய ஊரின் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. ஆர்டர் மதுரைக்குள்தானா, ஆள் எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறாரா என்று பார்க்க மட்டும் அதை வைத்திருக்கிறேன்.

அதனால் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம்: "லொகேஷன் அனுப்புங்க." திரும்பி வரும் மூட்டை நன்றாகக் குறைந்தது. ஆனாலும் நிற்கவில்லை. மிச்சமிருந்த கேஸ்களைத்தான் இங்கே சொல்ல வேண்டும். அவற்றில் லொகேஷன் கையில் இருந்தும் பையன்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

முதல் வகை எளிது. ஆர்டர் போட்டவர் ஆபீஸில் இருந்துகொண்டே 'தற்போதைய இடத்தை' அனுப்பியிருப்பார். வீடு ஆனையூரில் இருக்கும், புள்ளி கோரிப்பாளையத்தில் இருக்கும். ஏரியாவைத் தனியாகக் கேட்டு வைத்திருந்தால் கடையில் உட்கார்ந்தே இதைப் பிடித்துவிடலாம். லைவ் லொகேஷன் அனுப்புகிறவர்களும் உண்டு. அது ஆள் போகிற இடமெல்லாம் நகரும், அவர் தேர்ந்தெடுத்த நேரம் முடிந்ததும் நின்றுவிடும். காலையில் அனுப்பியதை மாலையில் திறந்து பிரயோஜனமில்லை.

இரண்டாவது வகைதான் எங்களை அதிகம் படுத்தியது. மேலே காட்டிய முகவரியையே எடுத்துக்கொள்கிறேன். அந்த அம்மா வீட்டில் இருந்துதான் லொகேஷன் அனுப்பியிருந்தார். நம் தம்பி மேப் சொன்னபடி போய் நின்றுவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, மேப்பு வந்தாச்சுங்குது. இங்குட்டு வாசலே இல்ல, முழுச் சுவரு."

கான்ஃபரன்ஸில் அந்த அம்மாவையும் சேர்த்தேன். "தம்பி, நான் வாசல்லதான நிக்கிறேன். உங்க வண்டியவே காணோமே."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அவன் நின்றது மூன்றாவது குறுக்குத் தெருவில். வீட்டு வாசல் இரண்டாவது குறுக்குத் தெருவில். அவன் பார்த்த சுவர் அந்த வீட்டுக்கு முதுகு கொடுத்து நிற்கும் வேறொரு வீட்டுடையது. நடுவில் சந்து கிடையாது, அந்தத் தெரு முட்டுச்சந்து வேறு. திரும்பி மெயினுக்கு வந்து சுற்றித்தான் போக வேண்டும்.

இது ஏன் நடக்கிறது என்று ஒரு தாளில் படம் போட்டுப் பார்த்தபோது விளங்கிவிட்டது. அந்தப் பக்கத்து மனைகள் சுமார் 40 அடி நீளம், அதாவது 12 மீட்டர். இரண்டு வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. ஆக, ஒரு தெரு ஓரத்திலிருந்து அடுத்த தெரு ஓரத்துக்கு 24 மீட்டர். வழி காட்டும் மேப்புக்கு வாசல் எது என்று தெரியாது. புள்ளிக்கு எந்தத் தெரு கிட்டமோ அங்கே கொண்டுபோய் விடும். நடுக்கோடு 12ஆவது மீட்டரில், அதாவது பின்சுவரில் இருக்கிறது. வீட்டின் நடு ஹாலில் உட்கார்ந்து லொகேஷன் அனுப்பினால், வாசல் தெருவிலிருந்து 6 மீட்டர் உள்ளே இருக்கிறோம். புள்ளி பின்பக்கமாக 6 மீட்டருக்கு மேல் விலகினால் போதும், மேப்புக்கு அடுத்த தெரு கிட்டமாகிவிடும். பின்கட்டில் அடுப்படியில் நின்றுகொண்டு அனுப்பியிருந்தால், ஒன்றிரண்டு மீட்டர் பிசகே போதும்.

போனின் பிசகோ அதைவிடப் பெரியது. திறந்த வெளியில் நல்ல போன் 5 மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். இரண்டு பக்கமும் மூன்று மாடி நிற்கிற சந்தில் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரிகிறது. செயற்கைக்கோள் சிக்னல் நேராக வராமல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும், போன் அந்தக் கூடுதல் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். கான்கிரீட் கூரைக்குக் கீழே போய்விட்டால் பக்கத்து வைஃபையையும் செல்போன் டவரையும் வைத்து ஊகிக்கும். பிசகு இருபது, முப்பது மீட்டர் என்று போவது அங்கே சாதாரணம். கே.கே. நகரில் அகலத் தெரு, தனி வீடு என்றிருக்கும் இடத்தில் இந்தப் பிசகு உறைக்காது. செல்லூரிலும் ஜெய்ஹிந்துபுரத்திலும் அதே பிசகு ஒரு தெருவையே மாற்றிவிடும்.

ஆகவே நெருக்கமான ஏரியாவில் லொகேஷன் நம்மைக் கட்டடக் கூட்டம் வரைக்கும் கொண்டுவரும். கடைசி ஐம்பது மீட்டரை எழுத்து முகவரிதான் முடிக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிறகு இரண்டையும் வாங்கும் முறையை மாற்றினோம்.

லொகேஷனுக்கு நாங்கள் இப்போது அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் இது: "வீட்டுக்குள்ள இருந்து அனுப்பாதீங்க. வாசலைத் தாண்டித் தெருவுல வந்து நில்லுங்க. வாட்ஸ்அப்புல லொகேஷனைத் தொட்டுட்டு ஒரு அரை நிமிஷம் சும்மா இருங்க. இத்தனை மீட்டர்னு ஒரு நம்பர் காட்டும். அது குறைஞ்சு நின்னதும் அனுப்புங்க." வாட்ஸ்அப் அந்த நம்பரை 'Accurate to' என்று போட்டு மீட்டரில் காட்டும். திறந்தவுடன் பெரிய எண்ணாக இருக்கும், கொஞ்சம் பொறுத்தால் இறங்கும். பெரும்பாலானவர்கள் திறந்த வேகத்தில் அனுப்பிவிடுவதுதான் சிக்கல். 10 மீட்டருக்குள் வந்தால் எங்களுக்குத் திருப்தி. தெருவில் நின்று அனுப்புவதால் இன்னொரு லாபம்: பிசகு இருந்தாலும் அது வாசல் தெருவின் பக்கத்திலிருந்து தொடங்குகிறது, நடுக்கோட்டைத் தாண்ட முழு 12 மீட்டர் விலக வேண்டும்.

எண் ஒரேயடியாகக் கிலோமீட்டர் கணக்கில் நின்றால் போனில் துல்லிய இருப்பிடத்துக்கு அனுமதி இல்லை என்று அர்த்தம். ஆண்ட்ராய்டில் 'Precise', 'Approximate' என்று இரண்டு இருக்கிறது. இரண்டாவதை அழுத்தி வைத்தவர்களுக்கு வீடு ஏதோ ஒரு ஏரியா அளவுக்குத்தான் தெரியும். செட்டிங்கை மாற்றச் சொல்ல வேண்டும்.

சந்து மிகக் குறுகலாக இருந்து எண் இறங்கவே இல்லை என்றால், மேப்பில் சேட்டிலைட் படத்தைத் திறந்து, தன் மொட்டை மாடியைக் கண்டுபிடித்து வாசல் முன்னால் விரலை அழுத்திப் புள்ளி வைக்கச் சொல்கிறோம். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் இது சட்டென்று முடிந்துவிடும். சின்டெக்ஸ் தொட்டியின் நிறத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அடுத்து எழுத்து முகவரி. முன்பு ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் எழுத விட்டோம். இப்போது கூகுள் ஃபார்மில் தனித்தனிப் பெட்டி. ஆர்டர் போனில் வந்தால் நானே கேட்டு நிரப்புகிறேன். புது எண் ஒரு பெட்டி, பழைய எண் ஒரு பெட்டி. அப்போது சாய்கோடே வேண்டாம். கதவில் இரண்டில் எது எழுதியிருக்கிறது என்று கேட்டு அதற்கு நேராக ஒரு குறி. ஏரியா, அதற்குள் இருக்கும் நகர் இரண்டும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது. பட்டியல் இல்லாமல் எழுத விட்டால் மேல மாசி வீதி ஒன்றே ஷீட்டில் ஐந்தாறு எழுத்தில் கிடக்கும், ரூட் பிரிக்கும்போது ஐந்தாறு இடமாகத் தெரியும்.

இதில் எங்களுக்கு அதிகப் பலன் தந்த கேள்வி 'வாசல் எந்தத் தெருவைப் பார்த்து இருக்கு?' என்பதுதான். தபால் முகவரியில் இப்படி ஒரு கேள்வி இல்லை. மூலை வீடுகளில் முகவரி ஒரு தெருவில் இருக்கும், மாடிக்குப் போகும் படி இன்னொரு தெருவில் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் முன் வாசலை மூடிவைத்துவிட்டு, பின்னால் சந்து வழியாகப் போகச் சொல்லியிருப்பார். மேப் ஒரு தெருவையும் இந்தப் பெட்டி இன்னொரு தெருவையும் சொன்னால் பெட்டி சொல்வதைத்தான் நம்ப வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

'வண்டி எதுவரைக்கும் வரும்?' என்பது இன்னொரு கேள்வி. கோயிலைச் சுற்றி இருக்கும் சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். ஆவணி மூல வீதிப் பக்கம் நிறுத்திவிட்டுத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வீட்டுக்கு லோடு ஆட்டோவில் ஆறு சிப்பம் அனுப்பினால் எடுத்துப் போக இன்னொரு ஆள் வேண்டும், அது கடையிலேயே தெரிய வேண்டும். பைக் மட்டும் நுழையும் சந்து, நடந்து மட்டும் போகும் சந்து, ஆட்டோ வரும் தெரு என்று மூன்றே விடை வைத்திருக்கிறோம். சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதிகளைச் சுற்றும் நாளில் இந்த விடை எதுவும் செல்லாது. அன்றைக்குப் பழைய ஊருக்குள் டெலிவரியே வைத்துக்கொள்வதில்லை.

அடையாளம் கேட்பதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. 'பக்கம்' என்று முடியும் விடையை ஏற்றுக்கொள்வதில்லை. வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு எதிரா, அடுத்தா, எத்தனையாவது வீடு என்றும் சொல்ல வேண்டும். "ரேஷன் கடைக்கு எதிர் சந்து, உள்ளே சோத்தாங்கைப் பக்கம் மூணாவது வாசல், பச்சைக் கேட்" என்றால் முடிந்தது. டிரான்ஸ்பார்மர், தண்ணீர்த் தொட்டி, கோயில், பள்ளிவாசல் எல்லாம் நல்ல அடையாளங்கள், அவை இடம் மாறுவதில்லை. டீக்கடையும் செல்போன் கடையும் மாறிவிடும். தங்கம் தியேட்டரை இடித்து எத்தனையோ வருடமாகிறது, இன்னும் அதைச் சொல்லி வழி சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஊர்க்காரப் பையனுக்கு அது புரியும், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பையன் தியேட்டரைத் தேடுவான்.

இவ்வளவு பெட்டியா என்று ஆள் சலித்துக்கொள்வார்களே என்று கேட்கலாம். சலித்துக்கொள்வார்கள். அதனால்தான் முதல் ஆர்டரில் மட்டும் கேட்கிறோம். அடுத்த மாதம் "போன தடவை போன வீடுதானே?" என்ற ஒரே கேள்விதான்.

பழைய வாடிக்கையாளர் லிஸ்ட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. லொகேஷன் இல்லாத பழைய முகவரிகளை மொத்தமாகக் கம்ப்யூட்டரில் கொடுத்து மேப் புள்ளியாக மாற்றித் தந்தார் தெரிந்த பையன் ஒருவர். எல்லா வரிசைக்கும் புள்ளி வந்துவிட்டது, பார்க்க நிறைவாக இருந்தது. ஆனால் வில்லாபுரத்து வீடுகள் பலவற்றுக்கு ஒரே புள்ளி, கடைசி எண் வரைக்கும் ஒன்றுபோல. முகவரியைப் புள்ளியாக மாற்றும் சேவைக்கு வீட்டு எண் புரியாதபோது தெருவின் நடுவையோ, அதுவும் புரியாதபோது ஏரியாவின் நடுவையோ கொடுத்துவிடும். 'தெரியவில்லை' என்று சொல்லாது. கூகுளின் சேவையில் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: விடையோடு `location_type` என்று ஒன்று வரும். அதில் `ROOFTOP` என்றிருந்தால் நம்பலாம். `GEOMETRIC_CENTER`, `APPROXIMATE` என்றிருந்தாலோ, `partial_match` என்று சேர்ந்து வந்தாலோ அது வீடு அல்ல. அந்த விவரத்தை எடுத்து வைக்காதவர்கள் ஷீட்டிலேயே பிடிக்கலாம். F பத்தியில் அட்சரேகை, G பத்தியில் தீர்க்கரேகை என்று வைத்துக்கொண்டால்:

```
=COUNTIFS(F:F,F2,G:G,G2)
```

இதற்கு ஒன்றுக்கு மேல் விடை வந்தால் சந்தேகப்பட வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் போனில் எடுத்த புள்ளி, ஒரே அபார்ட்மென்ட்டாக இருந்தாலும், கடைசி எண் வரை ஒத்துப்போவது அபூர்வம். அந்த வீடுகளின் புள்ளிகளை அழித்துவிட்டுப் புதிதாகக் கேட்டு வாங்கினேன். தப்பான புள்ளி இருப்பதைவிடப் பெட்டி காலியாக இருப்பது மேல். காலியாக இருந்தால் பையன் கிளம்பும் முன்னே போன் செய்வான், புள்ளி இருந்தால் நம்பிப் போய்விடுவான்.

இன்னொரு வேலையும் சேர்த்துக்கொண்டோம். சாமானை இறக்கியதும் பையன் வாசலில் நின்றபடியே தன் போனிலிருந்து லொகேஷன் எடுத்து எனக்கு அனுப்புவான். அதை H, I பத்திகளில் போடுகிறேன். வாடிக்கையாளர் கொடுத்த புள்ளிக்கும் இதற்கும் எத்தனை மீட்டர் என்று பார்க்க ஒரு வரி போதும்:

```
=SQRT(((F2-H2)*110600)^2+((G2-I2)*109700)^2)
```

மதுரை இருக்கும் அட்சரேகையில் ஒரு டிகிரி வடக்கு தெற்காகச் சுமார் 110.6 கிலோமீட்டர், கிழக்கு மேற்காகச் சுமார் 109.7 கிலோமீட்டர். அதுதான் அந்த இரண்டு எண். ஊருக்குள் இந்தக் கணக்கு தாராளமாகப் போதும். இருபது மீட்டருக்குள் வந்தால் விட்டுவிடுவேன். ஐம்பதைத் தாண்டினால் பையனிடம் விசாரித்துவிட்டு, அடுத்த மாதத்துக்கு அவன் எடுத்த புள்ளியை வைத்துக்கொள்வேன். இரண்டு மூன்று மாதம் இப்படிப் போன வீடுகளுக்கு இப்போது வழி கேட்டுப் போன் வருவதில்லை, புதுப் பையன் போனாலும். ஒரு எச்சரிக்கை: புள்ளியைத் தட்டச்சு செய்யும்போது எண்களைக் குறைக்கக் கூடாது. தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இடம் மட்டும் வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் கட்டமாகிவிடும், ஐந்து இடம் வைத்தால் ஒரு மீட்டர் அளவுக்கு வரும்.

தபால் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின் பற்றி வாடிக்கையாளர்கள் சிலர் கேட்கிறார்கள். நாட்டையே சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு கொடுத்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். லிங்க்கைவிடச் சின்னது, தாளில் எழுதலாம், போனில் படித்துச் சொல்லலாம். ஆனால் அதுவும் அட்சரேகை தீர்க்கரேகையை வேறு வடிவத்தில் எழுதியதுதான். போன் 20 மீட்டர் பிசகோடு எடுத்த இடத்தை டிஜிபின் ஆக்கினால் பக்கத்துத் தெருவுக்குத் துல்லியமான டிஜிபின் கிடைக்கும். மாடியையும் அது சொல்லாது. ஒரே கட்டடத்தில் மேலும் கீழும் இருக்கும் நாலு வீட்டுக்கும் ஒரே குறியீடுதான். அதனால் எங்கள் ஃபார்மில் அதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறேன், மற்றப் பெட்டிகளை எடுக்கவில்லை.

வீட்டுப் புள்ளியோடு பெயரும் போன் நம்பரும் சேர்ந்திருக்கும் ஷீட்டைப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. தனியாக இருக்கும் வயதானவர்கள் நிறையப் பேர் எங்களிடம் வாங்குகிறார்கள். அன்றைக்குப் போகும் வீட்டின் விவரம் அன்றைக்குப் போகும் பையனுக்கு மட்டும் போகும்.

இன்னும் தீராதது ஒன்று, வாடகை வீடு மாறுகிறவர்கள். அதே போன் நம்பர், அதே லிஸ்ட், "போன தடவை போன வீடுதானே?" என்றால் பழக்கத்தில் "ஆமாம்" என்றுவிடுவார்கள். மூட்டை பழைய வீட்டு வாசலுக்குப் போய்விடும். இப்போது கேள்வியையே மாற்றி, "அதே பச்சைக் கேட் வீடுதானே, ரேஷன் கடைக்கு எதிரே?" என்று அடையாளத்தைச் சொல்லிக் கேட்கிறேன். "ஐயோ, இல்லங்க, நாங்க மாறிட்டோமே" என்று அப்போதுதான் வரும்.